சொல்லாமக் கொள்ளாம ஒரு நாள் வேலைக்குப் போகல: கொந்தராத்துக்காரரிட்ட என்னெண்டு கதைக்கிறது

நாள் சம்பளத்துக்கு நிக்கிற ஆளுக்கு லீவு எண்டு ஒண்டு இல்ல, வந்தா காசு, வராட்டி இல்ல. அதால புதுசா சைட்டுக்கு வாற கனபேர் நினைக்கிறது, நான் வராட்டி என்ட சம்பளம்தானே போகுது, அவருக்கு இதில என்ன நட்டம் எண்டு. அவருக்கு உங்கட ஒரு நாள் சம்பளம் மிச்சம்தான், ஆனா மேசனுக்குக் கல்லும் சாந்தும் எடுத்துக் குடுக்க ஆள் இல்லாட்டி அந்த மேசன்ட வேலை பாதிதான் நடக்கும், மேசனுக்கு மட்டும் முழுச் சம்பளம் குடுத்தே ஆகணும். அதைவிடப் பெரிய பிரச்சினை நாளைக்கு. இண்டைக்கு வராதவன் நாளைக்கு வருவானா இல்லையா எண்டு தெரியாட்டி அவர் என்ன செய்வார், இன்னொரு ஆளுக்குக் கோல் எடுப்பார். அந்த ஆள் வந்துட்டா உங்கட இடம் போச்சு. உங்களில கோவம் வந்து வெட்டுறதெல்லாம் குறைவு, அவருக்கு எண்ணிக்கை சரியா வரணும், அதுதான் விஷயம்.

முதல் நாளே தெரிஞ்சா பின்னேரம் சொல்லிட்டுப் போங்க, விடியத் தெரிஞ்சா ஆளேத்துற வாகனம் வெளிக்கிட முந்திச் சொல்லுங்க, இதுக்கு வழிகாட்டி எழுதத் தேவையில்ல. இங்க நான் எழுதுறது மத்தக் கேசைப் பற்றி: சொல்லாம ஒரு நாள் வேலைக்கு வராம நிண்டாச்சு, இனி என்ன செய்யிறது. திருகோணமலைப் பக்கம் வீடு, கெஸ்ட் ஹவுஸ் கட்டுற சின்னக் கொந்தராத்து வேலையை வச்சுத்தான் சொல்லுறன், அஞ்சாறு பேர், கூடினா பத்துப் பேர் நிக்கிற சைட். பெரிய கொம்பனி எண்டா அங்க சுப்பர்வைசர், கார்ட், விரல் வைக்கிற மெஷின் எண்டு வேற கதை.

ஒரு உதாரணம் எடுப்பம். பாலையூத்துத் தம்பி ஒருத்தர், அலஸ்தோட்டத்தில ஒரு கெஸ்ட் ஹவுஸ் வேலையில மேசனுக்குக் கையாளா நிக்கிறார். விடிய ஏழு மணிக்குச் சந்தியில நிண்டா பட்டா லொறி வந்து ஏத்திக்கொண்டு போகும். போன சனிக்கிழமை நாலாயிரம் அட்வான்ஸ் எடுத்தவர். செவ்வாய் இரவு பிள்ளைக்குக் காய்ச்சல் கூடிப்போய் திருகோணமலை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, பிள்ளையை வார்டில விட்டாச்சு, போனில சார்ஜும் இல்ல, புதன் விடிய பட்டா வந்து சந்தியில ரெண்டு தரம் ஹோர்ன் அடிச்சுப் பாத்துட்டுப் போயிட்டுது. இப்ப நேரம் காலமை பத்து மணி, வார்டுக்கு வெளியில ஒரு கடையில போனைச் சார்ஜில போட்டிருக்கு.

இந்த இடத்தில பொடியன்கள் செய்யிற வேலை என்னெண்டா, பேச்சு விழும் எண்டு பயந்து போனை ஓஃப் பண்ணிப்போட்டு, நாளைக்கு நேராப் போய் நிண்டு சொல்லுவம் எண்டு விடுறது. அப்பிடி விட்டா நாளைக்குப் பட்டாவில உங்கட இடத்தில வேற ஒருத்தன் இருப்பான். நாளைக்கு யார் யார் எண்டு முடிவாகிறது இண்டைக்குப் பின்னேரம், வேலை முடிஞ்சு மண்வெட்டி, தாச்சி எல்லாம் கழுவி வைக்கிற நேரம். சைட்டில வேலையை நடத்துற பெரிய மேசன், அதாவது பாஸ், சொல்லுவார் நாளைக்கு இத்தின பேர் வேணும் எண்டு, கொந்தராத்துக்காரர் அங்கயே நிண்டு போனைத் தட்டத் தொடங்குவார். அதுக்கு முந்தி உங்கட குரல் அவர்ட காதில விழுந்திருக்கணும்.

எப்ப எடுக்கிறது எண்டதும் முக்கியம். காலமை எட்டரை, ஒன்பதுக்கு எடுத்தா மிக்சர் ஓடுற சத்தத்தில ஒண்டும் கேக்காது, அதோட ஆள் குறைஞ்ச எரிச்சல் அப்பதான் கூட. என்னைக் கேட்டா சாப்பாட்டு நேரம், பன்னிரண்டுக்கும் ஒண்டுக்கும் இடையில எடுக்கிறது நல்லம், மெஷின் நிண்டிருக்கும், அவரும் எங்கயாவது நிழலில இருப்பார். வெள்ளிக்கிழமை எண்டா கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து நானாமாருக்கு அந்த நேரம் ஜும்மா, ரெண்டு மணிக்குப் பிறகு எடுங்க. ஆனா சிலாப் கொங்கிறீட் போடுற நாளில நீங்க வராம நிண்டுட்டீங்க எண்டா நேரம் பாத்துக்கொண்டு இருக்காம உடனயே எடுங்க, அண்டைக்கு அவருக்கு ஒரு ஆளும் பெரிசு, பத்து மணிக்குத் தெரிஞ்சாலும் பக்கத்துச் சைட்டில இருந்து யாரையாவது இழுத்துக்கொண்டு வருவார்.

யாருக்கு முதல்ல? கொந்தராத்துக்காரர் ரெண்டு மூண்டு சைட் வச்சிருப்பார், ஒரு நாளைக்கு ஒருக்கா வந்து பாத்துட்டுப் போவார், பேர்க்கொப்பி அனேகமா பாஸ்ட கையில. உங்களைக் கூட்டிக்கொண்டு வந்து விட்டதும் பாஸாத்தான் இருக்கும், நீங்க வராட்டி "நீ கொண்டுவந்த ஆள் எங்க" எண்டு பேச்சு வாங்கினதும் அவர்தான். அதால முதல்ல பாஸுக்கு எடுத்து ரெண்டு வசனம், "அண்ணனுக்கும் நானே சொல்லுறன்" எண்டு சொல்லிப்போட்டு, வச்ச கையோட கொந்தராத்துக்காரருக்கு. பாஸைத் தாண்டி நேரா மேல எடுத்தா பாஸுக்கு மனசு கசக்கும், பாஸிட்ட மட்டும் சொல்லி விட்டா அவர் வேலைக்குள்ள மறந்துபோவார். கூட நிக்கிற பொடியனிட்ட "நீ சொல்லிவிடு மச்சான்" எண்டு விடுறது இருக்கே, அதை மட்டும் செய்யாதீங்க, சில நேரம் அவனுக்கே ஒரு தம்பி வேலை இல்லாம வீட்டில இருப்பான்.

வேற ஆள்ட போனில இருந்து எடுக்கிறதெண்டா, தெரியாத நம்பர் எண்டு அவர் தூக்கமாட்டார். முதல்ல ஒரு மெசேஜ் போட்டுட்டு எடுங்க. மிஸ்ட் கோல் குடுத்துப்போட்டு அவர் திருப்பி எடுப்பார் எண்டு இருக்க வேணாம்.

இனி என்ன சொல்லுறது. எங்கட பாலையூத்துத் தம்பி இப்பிடிச் சொன்னாக் காணும்:

"அண்ணே, நான் பாலையூத்துத் தம்பி, அலஸ்தோட்டம் சைட்டில கையாளா நிக்கிறன். இண்டைக்கு வேலைக்கு வரேல, விடியச் சொல்லவும் இல்ல, பிழைதான் அண்ணே. ராத்திரி பிள்ளைக்குக் காய்ச்சல் கூடி ஆஸ்பத்திரியில விட்டிருக்கு, போனில சார்ஜ் இல்லாமப் போச்சு. இனி மனிசி நிப்பா, நாளைக்கு நான் வருவன். சனிக்கிழமை எடுத்த நாலாயிரம் நினைவில இருக்கு, இந்தக் கிழமைக் காசில கழிச்சுக்கொள்ளுங்க. நாளைக்கு ஏழு மணிக்குச் சந்தியில நிக்கட்டா?"

அரை நிமிசம் கூட வராது. பேரும் சைட்டும் முதல்ல வந்ததுக்குக் காரணம், அவர்ட போனில உங்கட பேர் "தம்பி கையாள் 2" எண்டு கிடக்கும், அல்லது கிடக்கவே கிடக்காது. பிழையை ஒருக்காச் சொன்னாக் காணும், அதையே நாலு தரம் சொல்லி அழுதா அவருக்கு அலுப்பு. காரணம் ஒரு வசனம். இதில பொய் வேணாம் எண்டு நான் சொல்லுறது நீதி சொல்ல இல்ல, திருகோணமலை சின்ன ஊர், பாலையூத்தில யார்ட வீட்டில செத்தவீடு எண்டு லிங்கநகரில இருக்கிற ஆளுக்குப் பின்னேரத்துக்குள்ள தெரியும், "பெரியம்மா செத்திட்டா" எண்டவன்ட பெரியம்மாவை ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டில கண்டுட்டா பிறகு உங்கட உண்மையான காய்ச்சலும் எடுபடாது. காரணம் சொல்லக் கூச்சமா இருந்தா, உதாரணமா வீட்டில சண்டை எண்டா, "வீட்டில ஒரு பிரச்சினை அண்ணே, முடிஞ்சுது" எண்டு விடுங்க, அதுக்கு மேல அனேகமா கேக்கமாட்டார்.

அட்வான்ஸ் கதை ஏன் வந்தது எண்டா, அட்வான்ஸ் எடுத்தவன் அடுத்த கிழமை காணாமப் போனா அவருக்கு முதல்ல வாற நினைப்பு, காசோட பாய்ஞ்சிட்டான் எண்டதுதான். உங்கட பிள்ளைக்குக் காய்ச்சல் எண்டது அவருக்கு எப்பிடித் தெரியும்? அவர் கேக்க முந்தி நீங்களே காசைப் பற்றிச் சொன்னா அந்தச் சந்தேகம் அப்பவே இறங்கிடும். அதேமாதிரி ஸ்டோர் சாவி, லெவல் டியூப், அவர்ட கிரைண்டர் ஏதாவது உங்கட வீட்டில கிடந்தா அதையும் சொல்லுங்க, இண்டைக்கே யாரிட்டயாவது குடுத்துவிடப் பாருங்க. சாவி இல்லாம ஸ்டோர் பூட்டை உடைக்கவேண்டி வந்த சைட்டில இந்தக் கதை ஒண்டும் எடுபடாது.

கடைசிக் கேள்விதான் எல்லாத்திலயும் பெரிசு. "என்னை எடுத்துராதீங்க அண்ணே", "பாத்துச் செய்யுங்க அண்ணே" எண்டு கேட்டா அவர் "சரி பாப்பம்" எண்டுவார், அந்தப் பாப்பம் ஆம்பிள்ளையும் இல்ல பொம்பிள்ளையும் இல்ல. ஏழு மணிக்குச் சந்தியில நிக்கட்டா எண்டு கேட்டா அவர் ஓம் எண்டோ வேணாம் எண்டோ சொல்லித்தான் ஆகணும், ஓம் எண்டா பட்டாக்காரருக்கும் அவரே சொல்லிவிடுவார்.

ரெண்டு தரம் எடுத்தும் தூக்கேல எண்டா வாட்ஸ்அப்பில எழுத்தில போடுங்க, வொய்ஸ் வேணாம், சைட்டில நிண்டு ரெண்டு நிமிச வொய்ஸ் யாரும் கேக்கிறதில்ல. "அண்ணே, பாலையூத்துத் தம்பி. இண்டைக்கு அலஸ்தோட்டம் வரேல, பிள்ளை ஆஸ்பத்திரியில. நாளைக்கு வருவன். 7 மணிக்குச் சந்தியில நிக்கட்டா?" இவ்வளவும்தான். ஆஸ்பத்திரித் துண்டை ஒரு போட்டோ எடுத்து போனில வச்சிருங்க, ஆனா அவர் கேக்காம அனுப்ப வேணாம், கேக்காம அனுப்பினா ஏதோ சாட்சி காட்டுற மாதிரி இருக்கும். எழுத்தில போட்டதுக்கு இன்னொரு லாபம், என்ன திகதியில என்ன சொன்னீங்க எண்டு போனிலயே கிடக்கும்.

கூப்பிடுற முறை ஆளைப் பாத்து. தமிழாள் எண்டா அண்ணன், வயசு போனவர் எண்டா ஐயா, முஸ்லிம் ஆள் எண்டா நானா, வயசானவர் எண்டா ஹாஜியார் எண்டும் கூப்பிடுவினம். கந்தளாய்ப் பக்கத்துச் சிங்கள பாஸ் எண்டா அவருக்கும் கொஞ்சம் தமிழ் ஓடும், ஆனா போனில ஆளை ஆள் பாக்காமக் கதைக்கேக்க விளங்காமப் போகும், அதால "பாஸ், அத வெடட என்ன பே, ஹெட எனவா" எண்டு ஒரு வசனத்தைப் பாடமாக்கி வைங்க, இண்டைக்கு வர ஏலாது நாளைக்கு வாறன் எண்டு. மிச்சத்தை நாளைக்கு நேரில கதைக்கலாம்.

அவர் என்ன சொல்லுவார் எண்டு பாப்பம். பேசினா பேசட்டும், பேசுறவர் அனேகமா வச்சிருக்கத்தான் பேசுறார், வெட்டுறவர் சத்தமே போடமாட்டார், "சரி சரி" எண்டு வச்சிடுவார். அந்த அவசர "சரி சரி" கேட்டா விடாம ஒருக்கா "அப்ப ஏழு மணிக்கு நிக்கிறன் அண்ணே" எண்டு உறுதிப்படுத்துங்க.

"ஆள் போட்டாச்சு தம்பி" எண்டா அங்க வாதாட இடமில்ல, புதுசா வந்தவனை எடுத்துப்போட்டு உங்களைப் போடச் சொல்லிக் கேக்கவும் கூடாது. கேக்கிறதெண்டா மற்ற சைட்டைக் கேளுங்க, அதுவும் இல்லையெண்டா சிலாப் போடுற நாளைக் கேளுங்க. சிலாப் தொடங்கினா அண்டைக்கே முடிச்சாகணும், பாதியில விட்டு அடுத்த நாள் போட்டா அந்த ஒட்டில பிறகு தண்ணி ஒழுகும், அதால அண்டைக்கு மட்டும் வழமையா நிக்கிற ஆக்கள் காணாது, மணல் அள்ள, கல் அள்ள, மேல தாச்சி குடுக்க எண்டு கன ஆள் வேணும். "சிலாப்புக்கு ஆள் காணாட்டி எனக்கு அடியுங்க அண்ணே, முதல் நாள் ராத்திரி சொன்னாலும் வருவன்" எண்டு விட்டுவையுங்க, அண்டைக்கு நிண்டு வேலை செய்தவனுக்கு அனேகமா அடுத்த நாளும் இடம் கிடைக்கும்.

காலமும் ஒரு கணக்கு. ஒக்டோபரில தொடங்கி ஜனவரி மட்டும் இங்க வாடைக்காத்து மழை, அதுக்கு முந்திக் கூரையை மூடிப்போடணும் எண்டு ஓகஸ்ட் செப்டெம்பரில எல்லாரும் அவசரப்படுவினம், அப்ப ஆள் தட்டுப்பாடு, ஒரு நாள் வராததுக்காக ஒருத்தரும் உங்களை வெட்டமாட்டினம். நவம்பரில நிலமை தலைகீழ், வேலை கொஞ்சம், ஆள் கூட, யாரைக் குறைக்கலாம் எண்டு அவரே பாத்துக்கொண்டிருக்கிற நேரம். அந்த மாசங்களில புது ஆக்கள் அடிக்கடி மாட்டுப்படுறது இப்பிடித்தான்: விடிய அஞ்சு மணிக்கு மழை கொட்டுது, இண்டைக்கு வேலை இருக்காது எண்டு தானே முடிவெடுத்துப் படுத்திடுறது. அங்க உள்ளுக்குப் பூச்சு வேலை நடந்திருக்கும், டைல் ஒட்டியிருப்பினம். மழை எண்டா வேலை இருக்கா எண்டு ஆறு மணிக்குக் கேளுங்க, அவர் "வேணாம்" எண்டா அது அவர் நிப்பாட்டின நாள், நீங்க வராத நாள் இல்ல. கொப்பியில ரெண்டும் ஒரே வெறும் கட்டமாத்தான் விழும் எண்டபடியால, சனிக்கிழமை இதைப் பிரிச்சுச் சொல்லத் தெரிஞ்சிருக்கணும்.

வியாழன் விடிய, ஓம் எண்டு சொன்னவர் எண்டால், ஏழுக்கு இல்ல, ஆறே முக்காலுக்கே சந்தியில நில்லுங்க. சைட்டில இறங்கினதும் பாஸிட்ட ஒரு வார்த்தை, அதோட கதை முடிஞ்சுது, எல்லார்ட முன்னாலயும் ஆஸ்பத்திரிக் கதையைத் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டு திரிய வேணாம். முக்கியமா அந்தக் கிழமைக்குள்ள அரை நாள் கேக்கிறது, பிந்திப் போறது, புது அட்வான்ஸ் கேக்கிறது ஒண்டும் வேணாம். பிள்ளை இன்னும் வார்டில இருந்து, நாளைக்கும் வருவீங்களா எண்டு உங்களுக்கே சந்தேகம் எண்டா, வருவன் எண்டு சொல்லாதீங்க. "நாளைக்கும் ஏலாது, வெள்ளி கட்டாயம் வாறன், நாளைக்கு மட்டும் வேற ஆளைப் போடுங்க" எண்டு சொன்னா அவர் தற்காலிகமா ஒருத்தரைப் போடுவார். வருவன் எண்டு சொல்லி ரெண்டாவது நாளும் வராட்டி அதுக்குப் பிறகு என்ன சொன்னாலும் கஷ்டம். உங்களுக்குப் பதிலா ஒருத்தரை அனுப்புறதெண்டாலும் கேட்டுட்டு அனுப்புங்க, "வியாழன் ஒரு நாளைக்குத்தான்" எண்டு அவருக்கும், போற ஆளுக்கும், ரெண்டு பேருக்கும் சொல்லுங்க.

சனிக்கிழமை காசு. நாள் சம்பளம் 3000 எண்டு வச்சுக்கொள்ளுவம், திங்கள் தொடக்கம் சனி ஆறு நாள், புதன் இல்ல, அப்ப அஞ்சு நாளுக்கு 15000, நாலாயிரம் கழிச்சா கையில 11000. வராத நாளுக்கு அரைச் சம்பளமாவது எண்டு கேக்கிற ஆக்களும் இருக்கினம், கேக்காதீங்க. ஆனா பத்தாயிரம் வந்தா, ஒரு நாள் வராததுக்குத் தண்டமா ஆயிரம் வெட்டினதா எண்டு கேக்கலாம், வேலை செய்த நாளின்ட காசில கைவைக்க அவருக்கு உரிமை இல்ல. அதுக்கு உங்களிட்டயும் ஒரு சின்னக் கொப்பி இருக்கணும்: திகதி, சைட், முழு நாளா அரை நாளா, எடுத்த அட்வான்ஸ். பேனை கொண்டு திரிய ஏலாட்டி போனில எழுதுங்க.

அந்தக் கொப்பி வேற ஒண்டுக்கும் உதவும். 1958ஆம் ஆண்டு 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் நாள் சம்பள ஆளுக்கும் சேத்துத்தான், உங்கட சம்பளத்தில 8 வீதம், அவர்ட பக்கத்தில இருந்து 12 வீதம், ஈ.டி.எஃப்.க்கு இன்னொரு 3 வீதம் அவரே கட்டணும். சின்னச் சைட்டுகளில இதை ஒருத்தரும் கதைக்கிறதில்ல, பிறகு தொழில் திணைக்களத்துக்குப் போனா முதல் கேள்வி எத்தின நாள் வேலை செய்தனீங்க எண்டதுதான். 1971ஆம் ஆண்டு 45ஆம் இலக்கச் சட்டம் எண்டு ஒண்டு இருக்கு, ஆளை நினைச்ச மாதிரி நிப்பாட்ட ஏலாது எண்டு சொல்லுறது, ஆனா அதுக்கு பன்னிரண்டு மாசத்துக்குள்ள 180 நாளாவது வேலை செய்திருக்கணும், அதோட எல்லாச் சைட்டும் சேத்து 15 பேருக்குக் குறைய வச்சு நடத்துற முதலாளிக்கு அது பொருந்தாது. ஆறு பேரோட ஒரே ஒரு சைட் நடத்துற ஆளிட்ட அது இல்லாத சட்டம்தான், அங்க நீங்க நிக்கிறதும் போறதும் அந்தப் பின்னேரக் கோலில.

ஒருவேளை ரெண்டு கிழமையா அவரிட்ட இருந்து ஒரு கோலும் இல்ல எண்டால், நிக்கச் சொல்லி இனிக் கேக்கிறதை விட்டுட்டு மிச்சக் காசைக் கேளுங்க. "அண்ணே, இன்ன திகதியில இருந்து இன்ன திகதி மட்டும் இத்தின நாள், அட்வான்ஸ் கழிச்சு இவ்வளவு வரணும், சனிக்கிழமை எங்க வந்து எடுக்கட்டும்?" எண்டு எழுத்தில போட்டுட்டு, அடுத்த பாஸ்ட நம்பரைத் தேடுங்க.